டீச்சரின் முதல் புத்தகமும் நான் நடத்திய பாராட்டு விழாவும்

எங்கள் வாசகர் வட்டம் கோவில்பட்டியில் நடக்கிறது. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு சாயங்காலம் கூடுவோம். பேருக்கு உறுப்பினர்கள் பதினான்கு பேர். வருவது எட்டு, ஒன்பது பேர். பாதிப் பேர் எழுதவும் செய்வோம். இத்தனை வருடத்தில் எங்களில் ஒருவரின் புத்தகம் அச்சில் வந்தது 2024 கடைசியில்தான். அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அக்கா ஒருவர், எங்கள் எல்லோருக்கும் டீச்சர். அவருடைய பன்னிரண்டு சிறுகதைகள், 144 பக்கத்தில், விலை 180 ரூபாய். சென்னையில் உள்ள ஒரு சிறிய பதிப்பகம் போட்டது.

டீச்சர் போனில் சொன்ன அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. அவர் முதல் கதையை வட்டத்தில் நடுங்கிக்கொண்டே வாசித்ததை நான் பார்த்திருக்கிறேன். ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு பாராட்டு விழா நடத்திவிட வேண்டும் என்று அன்று ராத்திரியே முடிவு பண்ணிவிட்டேன். அந்த விழாவில் எனக்குப் பதினைந்தாயிரம் ரூபாய் போனது. பணம் போனதைக்கூட ஆற்றிக்கொண்டேன். யாருக்காக நடத்தினேனோ அவரை அந்த மேடையிலேயே தலைகுனிய உட்கார வைத்துவிட்டேன். அதை ஆற்றிக்கொள்ள மாதங்கள் ஆயின. உங்கள் வட்டத்திலும் ஒருவருக்கு முதல் புத்தகம் வரப்போகிறது என்றால், எனக்கு யாரும் சொல்லாததை நான் சொல்லிவிடுகிறேன்.

முதல் தவறு தேதியில் நடந்தது. தமிழில் புதுப் புத்தகங்களில் பெரும்பாலானவை சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டித்தான் வருகின்றன. வழக்கமாக ஜனவரித் தொடக்கத்தில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கும். அந்த முறை டிசம்பர் 27ஆம் தேதியே தொடங்கிவிட்டது. அதனால் நவம்பர், டிசம்பரில் அச்சகம், பைண்டிங் என்று எல்லா இடத்திலும் வேலை குவிந்து கிடக்கும். பதிப்பாளர் “டிசம்பர் 20க்குள்ள வந்துரும் சார்” என்றார். நான் அதை நம்பி, டிசம்பர் 29 ஞாயிற்றுக்கிழமை என்று மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். அழைப்பிதழ் இருநூறு அடித்தாயிற்று. சிறப்பு விருந்தினரிடம் தேதி வாங்கியாயிற்று. 20ஆம் தேதி கேட்டால் அட்டை அச்சாகிறது என்றார்கள். 24ஆம் தேதி கேட்டால் பைண்டிங்கில் இருக்கிறது என்றார்கள். 27ஆம் தேதியிலிருந்து அவர்கள் கடை போட்டு உட்கார்ந்துவிட்டதால் போனையே எடுக்கவில்லை.

வட்டத்தின் தலைவர் அப்போது மகன் வீட்டுக்கு பெங்களூரு போயிருந்தார். மற்றவர்கள் “நீங்க பாத்துக்கிடுவீங்க அண்ணாச்சி” என்று விட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. உதவி கேட்கத் தெரியாமல் எல்லாவற்றையும் நானே தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டேன். அந்த ஒரு வாரம் வயிற்றில் புளியைக் கரைத்தபடிதான் இருந்தது. புத்தகமே இல்லாமல் புத்தகத்துக்குப் பாராட்டு விழா என்றால் டீச்சர் முகத்தில் எப்படி விழிப்பது? 28ஆம் தேதி ராத்திரிதான் “நாற்பது பிரதி ஆம்னி பஸ்ஸில் போட்டிருக்கிறோம்” என்று செய்தி வந்தது. விடிகாலை ஐந்து மணிக்குப் பனியில் நின்று அந்தக் கட்டை வாங்கினேன். சணல் கயிற்றைப் பிரிக்காமல் அப்படியே டீச்சர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவர் ஒன்றை எடுத்து மோந்து பார்த்தார், அட்டையைத் தடவினார், சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். உள்ளே திறந்து பார்க்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. அந்த ஒரு நிமிடத்தைச் செலவழித்திருந்தால் இதை எழுதவே வேண்டியிருந்திருக்காது.

இப்போது எங்கள் வட்டத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். புத்தகம் கைக்கு வந்து, பிரித்துப் பார்த்த பிறகுதான் தேதியே பேசுவோம். வெளியானதும் சூட்டோடு சூடாகக் கொண்டாட வேண்டும் என்று ஒரு அவசரம் வரும். முதல் புத்தகத்துக்கு அந்த அவசரம் தேவையில்லை. எழுதியவருக்கு அது இரண்டு மாதம் கழித்தும் புதுசாகத்தான் இருக்கும். பிப்ரவரி, மார்ச்சில் வைத்தால் பதிப்பாளர் போனை எடுப்பார், பார்சல் சொன்ன நாளில் வரும், வருகிறவர்களும் கொஞ்சம் படித்துவிட்டு வர நேரம் இருக்கும்.

விழாவுக்கு வருகிறேன். ஆறு மணி என்று போட்டு ஆறே முக்காலுக்குத் தொடங்கினோம். அறுபது பேர் வரை வந்திருந்தார்கள். வண்ணத்தாள் சுற்றி ரிப்பன் கட்டிய புத்தகத்தை விருந்தினர் பிரித்து வெளியிட, டீச்சரின் மகள் பெற்றுக்கொண்டாள். கைதட்டல் நன்றாக இருந்தது. அதன் பிறகு வாழ்த்துரை. விருந்தினரையும் சேர்த்து மேடையில் ஆறு பேர். ஆளுக்குப் பத்து நிமிடம் என்று சொல்லியிருந்தேன். முதலில் பேசியவரே இருபத்தைந்து நிமிடம் எடுத்தார். டீச்சரின் கதைகளில் வயல் கிடையாது. எல்லாம் டவுனுக்குள், தீப்பெட்டி ஆபீஸ் காம்பவுண்டிலும் அங்கன்வாடித் திண்ணையிலும் லைன் வீடுகளிலும் நடப்பவை. முதல் பேச்சாளர் “வயல்வெளியின் மண்வாசனை இந்தக் கதைகளில் வீசுகிறது” என்றார். இரண்டாமவர் தன் சொந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசினார். மூன்றாமவர் பெண்கள் எழுத வர வேண்டியதைப் பற்றிப் பொதுவாகப் பேசினார். ஒருவர் வாயிலிருந்தும் ஒரு கதையின் பெயர்கூட வரவில்லை. டீச்சர் முதலில் ஒவ்வொருவரையும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், ஏதாவது ஒரு பாத்திரத்தின் பெயரைச் சொல்லிவிடுவார்களா என்று. அப்புறம் மடியில் இருந்த பொன்னாடையின் ஜரிகையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

பேச்சாளர்களை நான் திட்டத் தயாராக இல்லை. அவர்களுக்குப் புத்தகத்தை எப்படிக் கொடுத்தேன்? பத்து நாளைக்கு முன்னால் வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப். அனுப்பினேன். 144 பக்கத்தைக் கைப்பேசித் திரையில் விரலால் தள்ளித் தள்ளி யார் படிப்பார்கள்? அதிலும் பாதிப் பேருக்கு ஐம்பது வயதுக்கு மேல். இருபுறமும் பிரதி எடுத்து ஸ்பைரல் போட்டுக் கொடுத்திருந்தால் எங்கள் ஊரில் ஒன்றுக்கு நூற்றெழுபது ரூபாய் ஆகியிருக்கும். ஆறு பேருக்கு ஆயிரத்துச் சொச்சம். ஆறு பொன்னாடைக்கு நான் கொடுத்ததும் கிட்டத்தட்ட அதே தொகைதான். கெட்டியான பிரதியாக, மடியில் வைத்துப் படிக்கிற மாதிரி, ஒரு மாதம் முன்னால் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போதே “நீங்க இந்த ரெண்டு கதையைப் பத்திப் பேசுங்க” என்று கதையின் பெயரைச் சொல்லிப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். முழுப் புத்தகத்தைப் பற்றியும் பேசுங்கள் என்றால் படிக்காதவருக்குப் பொதுப்பேச்சில் ஒளிந்துகொள்ள வழி கிடைத்துவிடுகிறது. இரண்டு கதை என்றால் படித்தே ஆக வேண்டும். இருபது பக்கம்தானே என்று படித்தும் விடுவார்கள்.

ஏற்புரைக்கு டீச்சரை அழைத்தபோது மணி எட்டு ஐம்பது. நாற்காலிகளில் பாதி காலி. கழுகுமலைப் பக்கம் போகிறவர்கள் கடைசி பஸ்ஸைச் சொல்லி எழுந்து போய்விட்டார்கள். மண்டபக்காரர் பின்பக்க விளக்குகளை அணைக்கத் தொடங்கியிருந்தார். டீச்சர் நான்கு பக்கம் எழுதிக் கொண்டுவந்திருந்தார் என்று எனக்குத் தெரியும், இரண்டு நாளைக்கு முன்னால் எனக்குப் போனில் வாசித்துக் காட்டியிருந்தார். தன்னிடம் படித்த பிள்ளைகளின் பெயரை எல்லாம் அதில் எழுதியிருந்தார். மேடையில் அந்தத் தாளைப் பிரிக்கவே இல்லை. “எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேரமாயிருச்சு, பாத்துப் பத்திரமாப் போங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

ஏற்புரையைக் கடைசியில் வைப்பது வழக்கம். எல்லோரும் வாழ்த்திய பிறகு ஏற்பதுதான் முறை என்பார்கள். முதல் புத்தகம் போட்டவருக்கு இந்த முறை வேண்டாம் என்றே சொல்வேன். புத்தகம் வெளியிட்டதும் அவரைப் பேச விடுங்கள், இல்லையென்றால் இரண்டாவது பேச்சாளருக்கு அடுத்தாவது. அவர் பேசிவிட்டால் பின்னால் பேசுகிறவர்களுக்கும் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்கும்.

செலவை எழுதிவிடுகிறேன். மண்டபம், மைக், அழைப்பிதழ், ஃபிளக்ஸ், டீ, பலகாரம், பொன்னாடை, நினைவுப் பரிசு, போட்டோ, விருந்தினருக்குக் கார் என்று மொத்தம் 21,430 ரூபாய். இதில் காருக்கு மட்டும் 4,800, மண்டபத்துக்கு 3,500, போட்டோவுக்கு 3,000. உறுப்பினர்கள் தந்தது 6,200. மீதி 15,230 ரூபாயை என் ஆர்.டி.யை உடைத்துக் கொடுத்தேன். மகளின் பிரசவத்துக்கென்று சேர்த்தது அது. வீட்டில் ஒரு வாரம் சரியாகப் பேச்சுவார்த்தை இல்லை. நன்கொடை வந்துவிடும் என்று நினைத்துச் செலவு செய்தேன். கையில் பணம் வந்த பிறகு, வந்த அளவுக்குள் விழாவைச் சுருக்கியிருக்க வேண்டும். டீச்சரிடம் இந்தக் கணக்கை நான் சொல்லவில்லை. அவரே பதிப்பகத்தின் நிபந்தனைப்படி நூறு பிரதிகளை நாற்பது சதவீதக் கழிவில், பிரதி 108 ரூபாய் வீதம், 10,800 கொடுத்து வாங்கியிருந்தார். அதுவும் சீட்டுப் பணம். அந்த நூறில் முதல் தவணைதான் பஸ்ஸில் வந்த நாற்பது.

அந்த நாற்பதில் ஆறு மேடையில் இருந்தவர்களுக்குப் போனது. இருபத்தைந்து பிரதிகள் விழாவில் விற்றன, சலுகை விலை 150. ஒன்பது மீதி. வாங்கினவர்களின் பெயரை நான் எழுதி வைக்கவில்லை. இது எவ்வளவு பெரிய தப்பு என்று இரண்டு நாளில் தெரிந்தது.

டிசம்பர் 31 காலையில் ஒரு போன். மைக் செட் போட வந்த அண்ணாச்சி. பாக்கிப் பணம் கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து எடுத்தேன்.

“சார், நானும் அன்னைக்கு ஒரு புஸ்தகம் வாங்குனேன்லா. 48ஆம் பக்கத்துல அந்தப் பிள்ள தீப்பெட்டிக்கு அடிப்பெட்டி ஒட்டிக்கிட்டு இருக்கா. வெளிய யாரோ கதவத் தட்டுறாங்க. அடுத்த பக்கம் திருப்புனா திரும்ப 33ல இருந்து வருது. அது முடிஞ்சா நேரா 65. அந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சு சார்?”

எனக்குக் கை நடுங்கியது. மீதி இருந்த ஒன்பது பிரதிகளையும் எடுத்துப் பார்த்தேன். ஆறில் அதே கோளாறு.

என்ன நடந்தது என்பதைப் பிறகு உள்ளூர் அச்சகத்தில் வேலை பார்க்கிற ஒருவர் எனக்கு விளக்கினார். இந்த அளவுப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக அச்சடிப்பதில்லை. ஒரு பெரிய தாளின் இரண்டு புறமும் சேர்த்துப் பதினாறு பக்கம் அச்சாகும். அதை மடித்தால் ஒரு ஃபாரம். 144 பக்கம் என்றால் ஒன்பது ஃபாரம். மடித்த ஃபாரங்களை வரிசையாகக் குவித்து வைத்து, ஒவ்வொரு குவியலிலிருந்தும் ஒன்று எடுத்து அடுக்கி, முதுகில் பசை போட்டு அட்டை ஒட்டுவார்கள். நாலாவது ஃபாரம், அதாவது 49 முதல் 64 வரை இருக்க வேண்டிய குவியலில், மூன்றாவது ஃபாரத்தின் ஒரு கட்டு மாறி உட்கார்ந்துவிட்டது. அந்தக் கட்டு தீரும்வரை அடுக்கிய பிரதிகள் எல்லாம் இப்படித்தான் வந்திருக்கும். ஒரு ஃபாரம் விட்டுப்போயிருந்தாலாவது கனம் குறைந்து கையில் தெரியும். இங்கே போன இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்ததால் தடிமன் ஒன்றுதான், எடையும் ஒன்றுதான். வெளியிலிருந்து பார்த்தால் பிரம்மாவுக்கும் தெரியாது.

கண்டுபிடிப்பது ரொம்ப எளிது. ஃபாரம் தொடங்குகிற பக்கங்களை மட்டும் புரட்டிப் பார்த்தால் போதும். 1, 17, 33, 49, 65 என்று பதினாறு பதினாறாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு பிரதிக்கு அரை நிமிடம் ஆகும். நாற்பது பிரதிக்கு இருபது நிமிடம். ஒரு பிரதி சரியாக இருக்கிறது என்று மற்றதை விடக் கூடாது, ஏனென்றால் கோளாறு கட்டுக்கட்டாகத்தான் வரும். எங்களிடமே மீதி ஒன்பதில் மூன்று நல்லவையாக இருந்தன. அதோடு அட்டையை விரித்துப் பிடித்து, முதுகில் பசை விட்டிருக்கிறதா, தாள் கழன்று வருகிறதா, ஏதாவது பக்கத்தில் ஒரு புறம் அச்சாகாமல் வெள்ளையாக இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மேடைக்குப் போகிற பிரதிகளை வண்ணத்தாளில் சுற்றுவதற்கு முன்னால் கண்டிப்பாகப் பாருங்கள்.

டீச்சரிடம் சொல்லத்தான் பயமாக இருந்தது. புது வருடத்தன்று போய்ச் சொன்னேன். அழுதுவிடுவார் என்று நினைத்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்போ அந்த மைக் செட்டுக்காரர் 48ஆம் பக்கம் வரைக்கும் படிச்சிருக்காரா?” என்று கேட்டார். பிறகு, “அந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சுன்னா கேட்டார்?” என்று திரும்பவும் கேட்டார். ஆறு வாழ்த்துரையில் கிடைக்காதது அவருக்கு அந்த ஒரு கேள்வியில் கிடைத்தது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் அழுகை வந்தது. அன்றே 49 முதல் 64 வரையுள்ள பக்கங்களைப் பி.டி.எஃப்.பிலிருந்து அச்செடுத்து, புத்தக அளவுக்கு வெட்டி, மடித்து எடுத்துக்கொண்டு இருவரும் அந்த அண்ணாச்சியின் கடைக்குப் போனோம். அவருடைய மனைவி பல வருடம் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர், இப்போது உயிரோடு இல்லை. அதனால்தான் அன்றைக்கு ஏற்புரை வரைக்கும் உட்கார்ந்திருந்து புத்தகம் வாங்கினாராம். அச்செடுத்த தாளை வாங்கிக்கொண்டு, எங்களை நிற்க வைத்தே அந்தக் கதையின் மிச்சத்தைப் படித்தார்.

பதிப்பாளரிடம் நல்ல பிரதி வாங்கியது தனிக் கதை. எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் கிடையாது. முதலில் “வாய்ப்பே இல்லை” என்றார், அப்புறம் “பைண்டிங்காரர் தப்பு” என்றார். 48ஆம் பக்கமும் அதற்கு எதிரே வந்து நிற்கிற 33ஆம் பக்கமும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி ஒவ்வொரு பிரதியையும் விரித்துப் படமெடுத்து, எண்ணிக்கையோடு அனுப்பினோம். அதற்குப் பிறகு அவரால் மறுக்க முடியவில்லை. பிப்ரவரி கடைசியில் இருபத்தைந்து நல்ல பிரதிகள் வந்தன, பார்சல் செலவு எங்களுடையது. மீதி அறுபது பிரதிகளில் கோளாறு இல்லை. கையெழுத்துப் போடும்போதே, குறைப்பிரதி இருந்தால் எத்தனை நாளில், யார் செலவில் மாற்றித் தருவது என்று ஒரு வரி எழுதி வாங்கிவிட வேண்டும். இதைப் பேசும்போதுதான் டீச்சர் ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கென்று தனியாக 2,000 ரூபாய் கொடுத்திருந்ததும் தெரியவந்தது. அந்த எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத்தான் தருகிறது. விண்ணப்பிக்கிற வேலைக்கு ஒரு தொகை கேட்டால் அதை அப்படிச் சொல்லிக் கேட்க வேண்டும். அதே மாதிரி, 1954ஆம் வருடச் சட்டப்படி புத்தகம் வெளியான முப்பது நாளுக்குள் பதிப்பாளர் தன் செலவில் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உட்பட இன்னும் மூன்று நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். அனுப்பினாரா, நல்ல பிரதியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் டீச்சரின் புத்தகம் கன்னிமாராவில் பதினாறு பக்கம் இல்லாமல் இருந்துவிடக் கூடாதே என்று நாங்கள் கேட்டோம். அப்போதுதான் அவர் இன்னும் அனுப்பவே இல்லை என்பது தெரிந்தது. பிறகு அனுப்பினார்.

விற்ற பிரதிகளைத் தேடிப் போனது இதைவிடக் கஷ்டம். மேடையில் இருந்த ஆறு பேருக்கும் போன் செய்து, “49ஆம் பக்கத்தைக் கொஞ்சம் பாருங்களேன்” என்று கேட்டேன். அவர்களுக்கு எவ்வளவு சங்கடமாக இருந்ததோ அவ்வளவு எனக்கும் இருந்தது. ஒருவர் புத்தகத்தைக் காரிலேயே விட்டிருந்தார். ஒருவர் யாரிடமோ கொடுத்துவிட்டிருந்தார். முதலில் பேசிய வயல்வெளிக்காரர் மட்டும் நேர்மையாகச் சொன்னார். “நான் படிக்காமத்தான் பேசுனேன் தம்பி. மனசு உறுத்திக்கிட்டே இருக்கு. நல்ல பிரதி வந்தா எனக்கு ஒண்ணு கொடுங்க, காசு கொடுத்து வாங்கிக்கிடுறேன்.” அவர் மேல் இருந்த கோபம் எனக்கு அந்த இடத்தில் போய்விட்டது. மற்ற இருபத்தைந்தில், போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்து, முகம் அடையாளம் கண்டு, பதினெட்டுப் பேரைப் பிடித்தேன். புத்தகம் விற்கிற மேசையில் நாற்பது பக்க நோட்டு ஒன்றைப் போட்டு, பெயரும் போன் எண்ணும் வாங்கி வைத்திருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும். அந்த நோட்டு பின்னால் வாசகர்களிடம் என்ன தோன்றியது என்று கேட்கவும் உதவும்.

இரண்டாவது பாராட்டை ஏப்ரல் 13 ஞாயிறு, சித்திரைப் பிறப்புக்கு முந்தின நாள், எங்கள் வழக்கமான கூட்டத்திலேயே வைத்தோம். நூலக மாடி, பதினோரு பேர். மைக் இல்லை, ஃபிளக்ஸ் இல்லை, பொன்னாடை இல்லை. நல்ல பிரதியைப் பிப்ரவரிக் கடைசியிலேயே எல்லோருக்கும் கொடுத்துவிட்டோம். பன்னிரண்டு கதைகளையும் ஆளுக்கு ஒன்று, இரண்டு என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொண்டோம், ஒரு கதையும் பேச்சு இல்லாமல் விட்டுப்போகக் கூடாது என்பதற்காக. ஒரே பக்கம் எழுதி வர வேண்டும், அதைத்தான் வாசிக்க வேண்டும். எழுதி வந்தால் ஏழு நிமிடத்துக்கு மேல் போக முடியாது. அந்தப் பக்கத்தில் கதையிலிருந்து ஒரு ஆளையோ ஒரு இடத்தையோ பெயர் சொல்லிக் காட்ட வேண்டும், அது ஏன் மனதில் நின்றது என்று சொல்ல வேண்டும், கதையில் புரியாததோ நிற்காததோ இருந்தால் அதையும் ஒரு வரி எழுத வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையைக் கேட்டுச் சிலர் முகம் சுளித்தார்கள். பாராட்டுகிற இடத்தில் குறை எதற்கு என்றார்கள். டீச்சர்தான், “எழுதச் சொல்லுங்க. அப்பத்தான படிச்சிருக்கீங்கன்னு நான் நம்புவேன்” என்றார்.

முதலில் டீச்சரைப் பேச விட்டோம். டிசம்பரில் பிரிக்காத அந்த நான்கு பக்கத் தாளை அப்படியே கொண்டுவந்திருந்தார். பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். அதற்குப் பிறகு நாங்கள். வங்கியில் வேலை பார்க்கிற தம்பி, மூன்றாவது கதையில் சத்துணவு முட்டையைப் பாதியாக வெட்டுகிற ஆயாவின் கையைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதி வந்திருந்தான். கல்லூரியில் படிக்கிற பெண் ஒருத்தி, ஒன்பதாவது கதையின் முடிவு அவசரமாக வந்துவிட்டது, அந்த அம்மா பஸ் ஏறுகிற இடத்திலேயே நிறுத்தியிருக்கலாம் என்றாள். டீச்சர் அதை உடனே புத்தக ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டார். வயல்வெளி என்று பேசியவர் விருந்தினராக இல்லாமல் வாசகராக, தன் செலவில் பஸ்ஸில் வந்திருந்தார். மைக் செட் அண்ணாச்சியும் வந்தார். அவருக்கு எழுத வராது என்று சொல்லி, அந்தத் தீப்பெட்டிக் கதையைப் பற்றிப் பேசினார். அடிப்பெட்டி ஒட்டும்போது பசை காய்ந்து விரலில் தோல் உரிவதை டீச்சர் எழுதியிருந்ததைச் சொல்லி, தன் மனைவி ராத்திரி சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டதைச் சொன்னார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. நாங்களும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

எல்லோரும் எழுதிய பக்கங்களை ஒரு உறையில் போட்டு டீச்சரிடம் கொடுத்தோம். டீ, வடை, ஆளுக்கு ஒரு பாக்கெட் கடலைமிட்டாய் எல்லாம் சேர்த்து 640 ரூபாய் ஆனது. எட்டு மணிக்குள் முடிந்து, எல்லோருக்கும் பஸ் கிடைத்தது. டீச்சர் வீட்டுக்கு நடந்து போகும்போது அந்த உறையை மாரோடு அணைத்துப் பிடித்திருந்தார். டிசம்பரில் கொடுத்த நினைவுப் பரிசை நான்தான் அவருக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

அண்ணாச்சிக்கு நல்ல பிரதி ஒன்று கொடுத்தோம். மாற்ற மாட்டேன் என்றுவிட்டார். நாங்கள் மடித்துக் கொடுத்த தாள்களை அந்த இடத்தில் ஒட்டி வைத்திருக்கிறார். ஏழு பிரதிகள் மட்டும் இன்னும் யாரிடம் இருக்கின்றன என்று தெரியவில்லை. 2024 டிசம்பர் 29 அன்று கோவில்பட்டியில் எங்கள் விழாவில் புத்தகம் வாங்கியவர் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து 48ஆம் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அடுத்து 33 வந்தால், எந்த மாதமானாலும் இரண்டாவது ஞாயிறு சாயங்காலம் நூலக மாடிக்கு வாருங்கள். உங்களுக்கான பிரதியை டீச்சர் கையெழுத்துப் போட்டு எடுத்து வைத்திருக்கிறார்.